நீர்க்க நீர்க்கக் கூடிய பொட்டாசியம்

ஒரு கிணற்று நீர் மாதிரியில் பொட்டாசியம் அளந்தபோது கிடைத்த எண்களையும், அவற்றைச் சரிசெய்த விதத்தையும் இங்கே பதிந்து வைக்கிறேன். கருவி சாதாரண ஃபில்டர் வகை ஃபிளேம் போட்டோமீட்டர், சுடர் கேஸும் காற்றும் கலந்தது. மாதிரி உப்பு நீர்; லிட்டருக்குச் சோடியம் ஏறக்குறைய 300 மி.கி., கால்சியம் 90 மி.கி. பொட்டாசியம் சில மி.கி. மட்டுமே. சோடியம் மலைபோலவும் அதன் பக்கத்தில் பொட்டாசியம் கையளவும் இருக்கும் இப்படிப்பட்ட நீரில்தான் ஃபிளேம் போட்டோமீட்டர் ஏமாற்றும். அதுவும், நாம் வழக்கமாகச் செய்யும் சோதனைகளில் தேறிவிட்டு ஏமாற்றும்.

முதலில் ஸ்டாண்டர்டுகள். 110 டிகிரியில் உலர்த்திய KCl 1.907 கிராம் எடுத்து ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 1000 மி.கி. பொட்டாசியம். அதிலிருந்து 2, 4, 6, 8, 10 மி.கி. ஸ்டாண்டர்டுகள் செய்து பிளாஸ்டிக் பாட்டில்களில் வைத்தேன். கண்ணாடி பாட்டிலில் வைத்தால் நாள்பட நாள்படச் சோடியம் கசிந்து கரைசலில் சேரும். அதே மாதிரியில் சோடியமும் அளக்க வேண்டியிருந்ததால் கண்ணாடியை மொத்தமாகவே தவிர்த்துவிட்டேன். சுடரை ஏற்றிக் கால் மணி நேரத்துக்கு மேல் வெறும் நீரை உறிஞ்ச விட்டேன். நீருக்குச் சுழி, 10 மி.கி. ஸ்டாண்டர்டுக்கு 100 என்று அமைத்துவிட்டு மற்றவற்றைப் படித்தேன்.

2-க்கு 16, 4-க்கு 36, 6-க்கு 57, 8-க்கு 78.

நேர்கோடாக இருந்திருந்தால் 2-க்கு 20 வந்திருக்க வேண்டும். அடியில் கோடு தொய்ந்து, மேலே போகப் போக நிமிர்கிறது. செறிவு அதிகமாகும்போது வளைவு மேல்பக்கம் தட்டையாவது பலருக்கும் பழக்கம். சுடரின் ஓரத்தில் உள்ள குளிர்ந்த அணுக்கள் தங்கள் இனத்தின் ஒளியையே விழுங்குவதால் வருவது அது. ஆனால் இங்கே வளைவு எதிர்த்திசையில் போகிறது. இதைச் சும்மா வளைகோடு போட்டு முடித்துவிடலாம், முடித்துவிடவும் செய்கிறார்கள். ஆனால் இந்தத் தொய்வுதான் பின்னால் வரப்போகும் எல்லாவற்றுக்கும் காரணம்.

வடிகட்டிய மாதிரியை நீர்க்காமல் அப்படியே விட்டேன். ரீடிங் 51. வளைகோட்டில் பார்த்தால் லிட்டருக்கு 5.4 மி.கி.

அடுத்து அதே நீரை ஐந்து மடங்கு நீர்த்தேன். இந்தச் செறிவில் பத்துக்குக் குறைவான ரீடிங்தான் வரும், அதில் ஓர் எண் முன்பின்னானாலே விடை ஆட்டம் காணும். அதனால் 2 மி.கி. ஸ்டாண்டர்டை 100-ஆக மாற்றி அமைத்தேன். அந்த அளவில் 1 மி.கி. ஸ்டாண்டர்டு 43 காட்டியது, நீர்த்த மாதிரி 56. அதாவது 1.23 மி.கி. ஐந்தால் பெருக்கினால் 6.1.

ஒரே நீர். நீர்க்காமல் 5.4, நீர்த்தால் 6.1. குறுக்கீடு இருக்கும் என்று சந்தேகம் வந்தால் நீர்த்துப் பார் என்பதுதான் நமக்கெல்லாம் சொல்லித்தந்த வைத்தியம். இங்கே அந்த வைத்தியம் நோயைக் கூட்டியிருக்கிறது.

இந்த இடத்தில் இரண்டு விளக்கங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, சோடியத்தின் ஒளி பொட்டாசியம் ஃபில்டர் வழியாகக் கசிவது. பொட்டாசியத்தை நாம் 766 நானோமீட்டரில் பார்க்கிறோம். சோடியத்தின் முக்கிய மஞ்சள் ஒளி 589-இல், வெகு தூரத்தில் இருக்கிறது. ஆனால் 819-க்கு அருகிலும் சோடியத்துக்கு வலுக்குறைந்த கோடுகள் உண்டு. ஃபில்டர் அகலமாகவோ பழையதாகவோ இருந்தால் இரண்டு பக்கமிருந்தும் கொஞ்சம் உள்ளே வரலாம். இன்னொன்று, சுடரில் பொட்டாசியம் அயனியாவதில் சோடியம் தலையிடுவது.

கசிவு என்றால் அது சோடியத்தின் அளவோடு சேர்ந்து குறையும். ஐந்து மடங்கு நீர்த்தால் கசிவும் ஐந்தில் ஒரு பங்காகும், பெருக்கும்போது பழைய பிழையே திரும்பி வரும். அதாவது கசிவினால் வரும் பிழை நீர்ப்புச் சோதனையில் தெரியவே தெரியாது. இங்கே விடை மாறியிருப்பதால் முக்கியக் குற்றவாளி கசிவு இல்லை. ஆனாலும் கசிவு இல்லவே இல்லை என்று அதனால் சொல்லிவிட முடியாது. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பது எளிது. பொட்டாசியம் சேர்க்காமல், NaCl மட்டும் கரைத்து லிட்டருக்கு 300 மி.கி. சோடியம் உள்ள கரைசல் ஒன்றைச் செய்து பொட்டாசியம் ஃபில்டரில் விட்டேன். 10 மி.கி. = 100 என்ற அமைப்பில் ரீடிங் ஒன்றைத் தாண்டவில்லை. அந்த ஒன்றிலும் எவ்வளவு கசிவு, எவ்வளவு அந்த உப்பிலேயே அசுத்தமாக இருந்த பொட்டாசியம் என்று தெரியாது. எப்படியிருந்தாலும் 0.1 மி.கி.க்குள் அடங்கிவிடுகிறது.

அடுத்ததாக அதே அளவு சோடியத்தைப் பொட்டாசியம் ஸ்டாண்டர்டுகளில் சேர்த்துப் படித்தேன். வெறும் 2 மி.கி. ஸ்டாண்டர்டு காட்டிய 16, சோடியம் சேர்ந்ததும் 20 ஆனது. 10 மி.கி. ஸ்டாண்டர்டு 100-இலிருந்து 106 ஆனது. முதலாவதில் கால் பங்கு ஏற்றம், இரண்டாவதில் ஆறு சதவீதம். பொட்டாசியம் எவ்வளவு குறைவோ அவ்வளவு பெரிய ஏற்றம். கசிவாக இருந்தால் இரண்டு ரீடிங்கிலும் ஒரே எண் கூடியிருக்கும்.

நடப்பது இதுதான். சுடரின் வெப்பத்தில் பொட்டாசியம் அணுக்களில் ஒரு பகுதி தன் வெளி எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிடுகிறது. அயனியான பொட்டாசியம் 766-இல் ஒளிராது, நம் கணக்கிலிருந்து அது காணாமல் போகிறது. ஆனால் இது ஒருவழிப் பாதை இல்லை. சுடரில் திரியும் எலக்ட்ரான்கள் மோதினால் அயனி மறுபடி அணுவாகும். பொட்டாசியம் நிறைய இருக்கும்போது அது தானே நிறைய எலக்ட்ரான்களை வெளிவிடுகிறது. அவை அயனிகளைத் திரும்ப அணுவாக்கி இழப்பைக் கட்டுக்குள் வைக்கின்றன. பொட்டாசியம் குறைவாக இருந்தால் எலக்ட்ரான்களும் குறைவு, இழப்பின் விகிதம் கூடுகிறது. ஸ்டாண்டர்டு கோட்டின் அடிப்பகுதி தொய்ந்தது இதனால்தான்.

மாதிரியில் கதை வேறு. அங்கே 300 மி.கி. சோடியம் இருக்கிறது. சோடியத்தின் எலக்ட்ரானைப் பிடுங்கப் பொட்டாசியத்தைவிட அதிக ஆற்றல் வேண்டும், பொட்டாசியத்துக்கு 4.34 எலக்ட்ரான் வோல்ட் என்றால் சோடியத்துக்கு 5.14. அதனால் அயனியாகும் சோடியத்தின் பங்கு மிகச் சிறியது. இருந்தாலும் எண்ணிக்கையில் அது அவ்வளவு அதிகமாக இருப்பதால் அந்தச் சிறு பங்கு விடும் எலக்ட்ரான்களே பொட்டாசியத்தைக் காப்பாற்றப் போதுமானவை. ஆக, ஸ்டாண்டர்டில் உள்ள பொட்டாசியம் பாதுகாப்பில்லாமல் எரிகிறது, மாதிரியில் உள்ள பொட்டாசியம் பாதுகாப்போடு எரிகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் மாதிரிதான் அதிகமாகத் தெரியும்.

நீர்த்தபோது பிழை ஏன் கூடியது என்பதும் இப்போது புரிகிறது. மாதிரியை நீர்த்தாலும் அதில் சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம் அப்படியேதான் இருக்கிறது, 60 மி.கி. சோடியம் இன்னும் காவல் காக்கிறது. ஒப்பிடும் ஸ்டாண்டர்டோ 5 மி.கி.யிலிருந்து 1 மி.கி. பக்கம் இறங்கி, கோட்டின் தொய்வு மிக மோசமான இடத்துக்கு வந்துவிட்டது.

மீட்புச் சோதனை இதைப் பிடிக்காதா என்று கேட்கலாம். பிடிக்கவில்லை. நீர்க்காத மாதிரியில் 2 மி.கி. பொட்டாசியம் கூடுதலாகச் சேர்த்தேன். ரீடிங் 51-இலிருந்து 71 ஆனது. வளைகோட்டில் 71 என்பது 7.3 மி.கி. சேர்த்தது 2, கிடைத்தது 1.9. மீட்பு 95 சதவீதம். எந்த ஆய்வகத்திலும் இதை ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் மீட்புச் சோதனை பார்ப்பது சரிவை மட்டும்தான். 4 மி.கி.க்கு மேல் ஸ்டாண்டர்டு கோடு ஏறக்குறைய நேராக, மாதிரியின் சரிவுக்கு நெருங்கிய சரிவோடு போகிறது. ஆனால் அந்த நேர்ப்பகுதியைக் கீழ்நோக்கி நீட்டினால் அது சுழியில் போய் முட்டாது, சுழிக்குக் கீழே போகும். பிழை ஒளிந்திருப்பது அந்த இடைவெளியில். சரிவை மட்டும் பார்க்கும் சோதனைக்கு அது தெரியாது.

வேறொரு விபரீதமும் உண்டு. சுழியும் 100-உம் மட்டும் அமைத்துவிட்டு, ரீடிங்கைப் பத்தால் வகுத்து விடை எழுதுபவர்கள் இந்த மாதிரிக்கு 5.1 என்று எழுதியிருப்பார்கள். பின்னால் சீசியம் சேர்த்து அளந்தபோது கிடைத்த உண்மையான விடையான 4.9-க்கு அது மிக அருகில் இருக்கிறது. மாதிரியின் ரீடிங் ஏறியதும், கோட்டின் தொய்வைக் கணக்கில் எடுக்காததும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் வந்த பொருத்தம் அது. சோடியம் குறைந்த நீரில் இதே முறை விடையைக் கீழே தள்ளிவிடும். இந்த நீரையே ஐந்து மடங்கு நீர்த்தால் அந்தக் கணக்கு 4.5 பக்கம் இறங்கும்.

சரி, மருந்துக்கு வருவோம். மாதிரியில் இருக்கும் பாதுகாப்பை எடுக்க முடியாது. எனவே எல்லாக் கரைசலுக்கும் அதைவிடப் பெரிய, ஒரே மாதிரியான பாதுகாப்பைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குச் சீசியம்தான் நல்ல ஆள். அதன் எலக்ட்ரானைப் பிடுங்க 3.89 எலக்ட்ரான் வோல்ட் போதும், பொட்டாசியத்துக்கு முன்பே அது அயனியாகிச் சுடரை எலக்ட்ரான்களால் நிரப்பிவிடும். லித்தியம் இந்த வேலைக்கு ஆகாது. அதற்கு 5.39 வேண்டும், சோடியத்தைவிடவும் கஞ்சம். சில கருவிகளில் லித்தியம் சேர்க்கச் சொல்வது உறிஞ்சும் வேகமும் சுடரும் மாறுவதை ஈடுகட்டும் உள் ஸ்டாண்டர்டாகத்தான். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

12.67 கிராம் CsCl-ஐக் கரைத்து ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 10 கிராம் சீசியம் உள்ள இருப்புக் கரைசல் கிடைக்கும். 100 மி.லி. பிளாஸ்கில் இதை 10 மி.லி. விட்டால் இறுதியில் லிட்டருக்கு 1000 மி.கி. சீசியம். இந்த அளவு போதுமா என்பதைப் புத்தகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் சுடரையே கேட்பது நல்லது, ஏனென்றால் சுடரின் வெப்பமும் பர்னரின் அமைப்பும் கருவிக்குக் கருவி மாறும். பொட்டாசியத்தை 2 மி.கி.யில் நிறுத்தி, சீசியத்தை மட்டும் படிப்படியாகக் கூட்டினேன். 2000 மி.கி. சீசியம் உள்ளதை 100 என்று வைத்தால், சீசியமே இல்லாதபோது 66. 100 மி.கி.யிலேயே ரீடிங் 94-க்குத் தாவியது. 500-இல் 98. 1000-இல் 100, அதற்கு மேல் அசையவில்லை. ரீடிங் தட்டையாகும் இடத்தில்தான் வேலை செய்ய வேண்டும். அங்கே சீசியம் சற்று முன்பின்னாக விழுந்தாலும் விடை மாறாது.

சீசியத்தோடு வேலை செய்யும்போது பிளாங்க் விஷயத்தில் கவனம் வேண்டும். CsCl-இல் கொஞ்சம் பொட்டாசியமும் சோடியமும் எப்போதும் ஒட்டிக்கொண்டு வரும். என் இருப்புக் கரைசலில் செய்த பிளாங்க், வெறும் நீரைவிட இரண்டு எண் அதிகம் காட்டியது. எனவே சுழியை வெறும் நீரில் அமைக்காமல் சீசியம் சேர்த்த பிளாங்கில் அமைக்க வேண்டும். அப்படி அமைத்த பிறகு இடையில் கழுவ விடும் வெறும் நீர் சுழிக்குக் கீழே போகும். அதைப் பார்த்துச் சுழி நகர்ந்துவிட்டது என்று திருகைத் தொடக் கூடாது. ஸ்டாண்டர்டு, மாதிரி, பிளாங்க் மூன்றுக்கும் ஒரே பாட்டிலிலிருந்து ஒரே பைபெட்டில் சீசியம் போக வேண்டும்.

இப்போது 5 மி.கி. ஸ்டாண்டர்டை 100 என்று அமைத்தேன். 1-க்கு 20, 2-க்கு 41, 3-க்கு 61, 4-க்கு 80. தொய்வு போய்விட்டது, கோடு சுழியிலிருந்து நேராகக் கிளம்புகிறது. மாதிரியில் 50 மி.லி. எடுத்து, சீசியம் 10 மி.லி. விட்டு, 100 மி.லி. ஆக்கினேன். ரீடிங் 50, அதாவது 2.45 மி.கி., இரண்டால் பெருக்க 4.9. அப்புறம் 20 மி.லி. மட்டும் எடுத்து அதே போல 100 மி.லி. ஆக்கினேன். ரீடிங் 20, 1.0 மி.கி., ஐந்தால் பெருக்க 5.0. இரண்டு நீர்ப்பிலும் ஒரே விடை. முதல் கரைசலில் 1 மி.கி. பொட்டாசியம் சேர்த்தபோது ரீடிங் 70-க்கு ஏறியது, அதுவும் ஒத்துப்போகிறது. அறிக்கையில் 4.9 என்று எழுதினேன். சீசியம் இல்லாமல் நீர்த்து அளந்திருந்தால் 6.1 என்று போயிருக்கும்.

சீசியத்தால் எதெல்லாம் தீராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் வழியாகக் கசியும் ஒளியை அது தொடாது, ஏனென்றால் அது அயனியாதல் பிரச்சினை இல்லை. சோடியம் அளக்கும் பக்கத்தில் இதன் பெரிய உதாரணம் கால்சியம். கால்சியம் சுடரில் ஹைட்ராக்சைடாகச் சேர்ந்து பச்சையிலிருந்து ஆரஞ்சு வரை அகலமான பட்டைகளாக ஒளிர்கிறது. அதன் ஓரங்கள் சோடியம் ஃபில்டருக்குள் விழும். இந்த மாதிரியில் சோடியம் 300 மி.கி. இருப்பதால் ஐம்பது மடங்கு நீர்த்துத்தான் அளக்கிறோம். அப்போது கால்சியம் 2 மி.கி.க்கும் கீழே போய்விடும், கவலை இல்லை. கால்சியம் அதிகமாகவும் சோடியம் சில மி.கி. மட்டுமாகவும் உள்ள கடின நீரில்தான் அது தொல்லை.

அந்தத் தொல்லை இருக்கிறதா என்று பார்க்க, சோடியம் சேர்க்காத கால்சியம் கரைசலைச் சோடியம் ஃபில்டரில் விட்டுப் பார்ப்போம். ரீடிங் வந்தால் அது கால்சியத்தின் ஒளியா, கால்சியம் உப்பில் அசுத்தமாக இருந்த சோடியமா என்ற கேள்வி வரும். கொஞ்சம் பாஸ்பாரிக் அமிலம் விட்டு மறுபடி படித்தால் பிரிந்துவிடும். பாஸ்பேட் கால்சியத்தைச் சுடரில் எளிதில் சிதையாத சேர்மமாகக் கட்டிவிடுவதால் கால்சியத்தின் ஒளி மங்கும்; சோடியத்தின் ஒளி பெரிதாக அசையாது. ரீடிங் விழுந்தால் கால்சியம், நின்றால் சோடியம். அந்த அமிலத்திலேயே சோடியம் இருக்கிறதா என்று அமிலம் மட்டும் விட்ட பிளாங்கில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரம் அளப்பவர்களுக்கு இதே விஷயம் வேறு கோணத்தில் வரும். பொட்டாஷ் உரத்தில் பொட்டாசியம்தான் மலை, சோடியம் சிறிது. நிறைய நீர்த்து, பொட்டாசியம் 5 முதல் 10 மி.கி. வரும்படி வைத்து அளந்தால் உடன் வரும் சோடியத்தின் பாதிப்பு மிகக் குறைவு. ஆனால் அதே உரத்தில் சோடியத்தை அளக்கும்போது பாத்திரங்கள் இடம் மாறிவிடுகின்றன. ஏராளமான பொட்டாசியம் விடும் எலக்ட்ரான்கள் அந்தச் சிறிதளவு சோடியத்தை அயனியாகாமல் காக்கும், வெறும் சோடியம் ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டால் விடை சற்று ஏறி வரும். சீசியமோ, ஸ்டாண்டர்டிலும் அதே அளவு பொட்டாசியமோ சேர்த்தால் சரியாகும். பொட்டாசியம் சேர்க்கும் வழியில் போனால் அந்தப் பொட்டாசியம் உப்பில் உள்ள சோடியத்தைப் பிளாங்கில் கழிக்க வேண்டும். உரத்தில் விடையை K2O-ஆகக் கேட்பார்கள், பொட்டாசியத்தை 1.2046-ஆல் பெருக்கினால் போதும்.

சீசியம் விலை கூடுதல் என்பதால் சோடியத்தையே காவலாகப் பயன்படுத்துவோரும் உண்டு. எல்லா ஸ்டாண்டர்டிலும் மாதிரியிலும் சோடியத்தை மிகுதியாகச் சேர்த்துவிடுவார்கள். பொட்டாசியம் மட்டும் அளப்பதென்றால் இது ஓரளவு நடக்கும். ஆனால் அதே கரைசலில் சோடியம் அளக்க முடியாது, கசியும் ஒளியும் கூடும், நெபுலைசரிலும் பர்னரிலும் உப்பு படியும். உப்பு படிந்தால் ரீடிங் மெல்ல மெல்ல இறங்கும். சீசியம் சேர்த்தாலும் ஒவ்வொரு ஐந்தாறு மாதிரிக்கும் ஒரு தடவை நடு ஸ்டாண்டர்டைத் திரும்ப விட்டுப் பார்க்கிறேன். 3 மி.கி. ஸ்டாண்டர்டு 61-இலிருந்து 59-க்கு இறங்கினால் நிறுத்தி, வெறும் நீரை விட்டுக் கழுவி, மறுபடி அமைத்து, கடைசியாகச் சரியாக வந்த ஸ்டாண்டர்டுக்குப் பின் படித்த மாதிரிகளை எல்லாம் திரும்பப் படிக்கிறேன்.

இனி வரும் நீர் மாதிரிகளுக்கு 50 மி.லி. ஒன்று, 20 மி.லி. ஒன்று என்று இரண்டு நீர்ப்பிலும் படிப்பதை வழக்கமாக்கிவிட்டேன். இரண்டு விடைக்கும் நடுவே ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் சீசியத்தை இரட்டிப்பாக்கிப் பார்ப்பேன். அப்போதும் ஒத்துப்போகவில்லை என்றால் அது அயனியாதல் இல்லை. மாதிரியில் அமிலமோ மொத்த உப்போ அதிகமாகி உறிஞ்சும் வேகம் மாறியிருக்கும். சிறிய அளவு சிலிண்டரில் மாதிரியை வைத்து நிமிடத்துக்கு எத்தனை மி.லி. போகிறது என்று ஸ்டாண்டர்டோடு ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும்.